புற்றுநோய்க்கு இரு பாலிசிகள்

மருத்துவமனைச் செலவை ஈடுசெய்யும் பாலிசி, பில்லில் உள்ள தொகையைக் காப்பீட்டு வரம்புவரை தரும். தீவிர நோய் பாலிசி பில்லையே பார்ப்பதில்லை. நோய் உறுதியானால் முழுத் தொகையும் ஒரேயடியாக வரும். இரண்டும் வைத்திருக்கும் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று கொள்வோம். சிகிச்சைச் செலவு 4 லட்சம் ரூபாய். அதை முதல் பாலிசி ஏற்கும். இரண்டாவது தரும் 10 லட்சம், வேலைக்குப் போகாத மாதங்களின் வீட்டுச் செலவுக்கும் கடன் தவணைக்கும் உதவும்.

சிக்கல் வரையறையில்தான். பயாப்ஸி அறிக்கையில் ‘கார்சினோமா இன் சிட்டு’ என்றிருந்தால், அதாவது கட்டி அருகிலுள்ள திசுவுக்குள் ஊடுருவாத நிலையில், இந்தியாவின் வழக்கமான தீவிர நோய் பாலிசி பணம் தராது. அறுவை சிகிச்சைச் செலவை முதல் பாலிசியே ஏற்கும். பாலிசி எடுத்த முதல் 90 நாட்களுக்குள் நோய் தெரியவந்தாலும் பெரும்பாலும் மொத்தத் தொகை கிடைக்காது.