பெயரை மாற்றினால் பொருந்தக் கூடாது

எங்கள் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த அக்கா ஒருவர் போன வருடம் ஓய்வு பெற்றார். 26 பேர், ஆளுக்கு 500 ரூபாய் என்று 13,000 ரூபாய் சேர்ந்தது. வங்கியில் பரிசு அட்டை வாங்கப் போனபோதுதான், ரிசர்வ் வங்கி விதிப்படி ஓர் அட்டையில் 10,000 ரூபாய்க்கு மேல் போட முடியாது என்று தெரிந்தது. 10,000-க்கு ஒன்று, 3,000-க்கு ஒன்று என இரண்டாக வாங்கினோம். வேலை அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அட்டை உறையின் உள்பக்கத்தில் இரண்டு வரி எழுதும் இடம் காலியாக இருந்தது. அதை எழுத இரண்டு நாள் ஆனது.

முதலில் வந்த வரிகள் இவை: “தங்கள் ஓய்வுக்காலம் இனிதே அமைய வாழ்த்துகள். என்றும் அன்புடன் நண்பர்கள்.” பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அக்காவின் இடத்தில் மாடியில் இருக்கும் மேலாளரை வைத்தாலும், வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனை வைத்தாலும் அது அப்படியே பொருந்தும். யாருக்கும் பொருந்துகிற வரியைப் படிப்பவர், தன்னை யாரும் கவனிக்கவில்லை என்றே நினைப்பார். நான் இப்போது வைத்துக்கொண்டிருக்கும் சோதனை இது ஒன்றுதான்: பெயரை மாற்றிப் படித்துப் பார்ப்பது.

இரண்டாவது முயற்சி இன்னும் மோசம். “சிரித்த முகத்துடன் அனைவரிடமும் பழகியவர். உங்கள் நினைவு என்றும் எங்கள் நெஞ்சில்.” எழுதியவருக்கு அக்கா மேல் உண்மையான பாசம். ஆனால் சத்தமாகப் படித்தபோது எல்லோரும் ஒரு நொடி அமைதியாகிவிட்டோம். தெருமுனையில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி அப்படியே வந்து நின்றது. தமிழில் இந்த விபத்து சுலபமாக நடக்கும். ‘பழகியவர்’, ‘வாழ்ந்தவர்’ என்று இறந்த காலத்தில், படர்க்கையில் எழுதினாலே அஞ்சலித் தொனி ஏறிவிடும். ‘நினைவு’, ‘நெஞ்சில்’, ‘என்றும்’ சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ‘போகிறேன்’ என்று சொல்லாமல் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லிக் கிளம்புகிறவர்கள் நாம். அட்டையிலும் அந்தப் பதவிசு வேண்டும். ஆளை நேரே பார்த்து, நிகழ்காலத்திலோ எதிர்காலத்திலோ பேசுவதுதான் மாற்று.

‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டும் இங்கே கவனிக்க வேண்டிய சொற்கள். “நாம் சேர்ந்து குடித்த டீ” என்றால் அக்காவும் அதில் இருக்கிறார். “நாங்கள் இனி யாரிடம் கேட்போம்” என்றால் அவர் வெளியே நிற்கிறார். இரண்டாவதில் தவறில்லை, பிரிவைச் சொல்லத்தான் அந்தச் சொல். ஆனால் இரண்டு வரியிலும் ‘நாங்கள்’, ‘எங்கள்’ என்றே வந்தால், ஆள் இருக்கும்போதே கதவைச் சாத்துவது போல இருக்கும்.

அப்புறம்தான் உட்கார்ந்து, அக்கா என்றால் என்ன ஞாபகம் வருகிறது என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். மூன்று வருடத்துக்கு முந்தைய பில் என்றாலும் நம்பரைச் சொன்னால் போதும், கம்ப்யூட்டரைப் பார்க்காமல் எழுந்து போய் ஃபைலை எடுத்து வந்துவிடுவார் என்று நான்கு பேர் சொன்னார்கள். பக்கத்து இருக்கைக்காரர் வேறொன்று சொன்னார்: அக்கா அரக்கோணத்திலிருந்து வருகிறவர், காலை ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் ஒரு நாளும் காபியை முழுசாகக் குடித்ததில்லை. அதைக் கேட்டதும் இரண்டு வரியும் கிடைத்துவிட்டன. முதல் வரி நாங்கள் பார்த்த அக்காவுக்கு, இரண்டாவது வரி இனி வரும் காலைகளுக்கு.

“பில் நம்பர் சொன்னதும் ஃபைலோடு வரும் அக்கா,
இனி ரயிலுக்கு ஓடாமல் ஆற அமரக் காபி குடியுங்கள்.”

‘வந்த அக்கா’ என்று எழுதவில்லை, ‘வரும் அக்கா’ என்றே வைத்தோம். தொகையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அது அட்டையிலேயே இருக்கிறது. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியல் வசூல் செய்தவரோடு நிற்க வேண்டும். கீழே 26 பெயர்களையும் திணிக்காமல் ‘கணக்குப் பிரிவு’ என்று மட்டும் போட்டு, கையெழுத்துகளைத் தனித்தாளில் வாங்கினோம்.

இணையத்தில் அட்டை வாங்குகிறவர்களுக்கு ஒரு தகவல். செய்திப் பெட்டியில் இத்தனை எழுத்து என்று அளவு இருக்கும். நாம் எண்ணும் கணக்கு வேறு, கணினியின் கணக்கு வேறு. ‘வாழ்த்துகள்’ நமக்கு ஆறு எழுத்து. கணினி புள்ளியையும் காலையும் கொக்கியையும் தனித்தனியே எண்ணுவதால் அதற்குப் பதினொன்று. அளவு போதும் என்று நினைத்து அனுப்பினால் இரண்டாவது வரி பாதியில் நின்றுவிடலாம். பணம் கட்டுவதற்கு முன் முன்தோற்றத்தை ஒரு முறை கடைசிப் புள்ளி வரை படித்துவிடுங்கள்.

இந்த வகை அட்டையிலிருந்து ரொக்கம் எடுக்க முடியாது, காலாவதித் தேதியும் உண்டு. அதனால் இரண்டு அட்டைகளின் தேதியையும் உறையின் வெளிப்பக்கத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்தோம். அக்கா உறையைத் திறந்தவுடன் அட்டையைப் பார்க்கவில்லை. இரண்டு வரியைப் படித்துவிட்டு, “காபி விஷயத்தை யார் சொன்னது?” என்று பக்கத்து இருக்கைப் பக்கம்தான் திரும்பினார்.