ஐந்து லட்சத்து ஐம்பத்தோராயிரம் எங்கிருந்து வந்தது?

கணக்கு மென்பொருளை மாற்றும் கடைகள் பெரும்பாலும் ஏப்ரல் மாதத்தில்தான் மாற்றுகின்றன. பழைய மென்பொருளில் மார்ச் 31 அன்று நின்ற இருப்புகளைப் புதியதில் தொடக்க இருப்பாக ஏற்றி முடித்து, இருப்புநிலைக் குறிப்பைத் திறந்தால், யாரும் தட்டாத ஒரு வரி அதில் நிற்கும். டேலியில் அதன் பெயர் `Difference in opening balances`. ஏற்றிய டெபிட் இருப்புகளின் கூட்டுத்தொகையும் கிரெடிட் இருப்புகளின் கூட்டுத்தொகையும் சமமாக இல்லை, இடைவெளி இவ்வளவு என்று அந்த வரி சொல்கிறது. ஜோஹோ புக்ஸ் போன்ற மென்பொருள்களில் இது இன்னும் அமைதியாக நடக்கும். `Opening Balance Adjustments` என்ற கணக்கில் வித்தியாசத்தை அதுவே போட்டுவிடும். ட்ரையல் பேலன்ஸ் சமமாகத் தெரியும், அதனால் பலர் கவனிப்பதே இல்லை.

அந்த வரியைப் பார்த்ததும் பதறி, சஸ்பென்ஸ் என்று ஒரு கணக்கைத் திறந்து மொத்தத்தையும் அதில் தள்ளிவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தத் தொகைக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று தெரியாமல் மூடினால், பிழை அடுத்த ஆண்டுக்கும் அதற்கடுத்த ஆண்டுக்கும் கூடவே வரும். தேடுவதோ அவ்வளவு கடினமில்லை, முறையாகத் தேடினால் போதும்.

ஒருவருக்குச் சொந்தமான ஒரு பெயிண்ட், ஹார்டுவேர் கடையை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை, ஆனால் பிழைகள் எல்லாக் கடைகளிலும் நடப்பவை. கணக்கர் பழைய மென்பொருளில் 2025 மார்ச் 31 தேதிக்கு ட்ரையல் பேலன்ஸை அச்சிட்டு, அதைப் பார்த்துப் புதியதில் தட்டினார். விற்பனை, கொள்முதல், சம்பளம், வாடகை போன்ற வரவு செலவுக் கணக்குகளை விட்டுவிட்டார். அது சரிதான். புதிய ஆண்டில் அவை சுழியத்திலிருந்து தொடங்க வேண்டும். சரக்கை ஒவ்வொரு பொருளாக, அளவும் விலையும் போட்டு ஏற்றினார். எல்லாம் முடிந்தபோது டெபிட் பக்கம் 34,83,500 ரூபாய், கிரெடிட் பக்கம் 29,32,500 ரூபாய், வித்தியாசம் 5,51,000.

வித்தியாசத்தை இரண்டால் வகுத்துப் பார், ஒன்பதால் வகுத்துப் பார் என்று பழைய கணக்கர்கள் சொல்வார்கள். நல்ல வழிதான், ஆனால் ஒரே ஒரு பிழை இருக்கும்போது மட்டுமே உதவும். 5,51,000 ஒன்பதால் மீதியின்றி வகுபடாது, அதன் பாதியான 2,75,500 என்ற இருப்பும் எந்தக் கணக்கிலும் இல்லை. இங்கே பல பிழைகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கூடி நிற்கின்றன, முதலில் அவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும்.

பிரிப்பதற்குத் தனித்தனி லெட்ஜர்களுக்குள் போகத் தேவையில்லை. பழைய அச்சையும் புதிய மென்பொருளின் ட்ரையல் பேலன்ஸையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தொகுதி தொகுதியாக மொத்தத்தை மட்டும் ஒப்பிட வேண்டும். ரொக்கம், வங்கி, பணம் வரவேண்டிய பார்ட்டிகள், நாம் தரவேண்டிய பார்ட்டிகள், கடன், நிலையான சொத்து என்று பத்துக்குள் அடங்கிவிடும். நம் கடையில் அப்படிப் பார்த்தபோது இரண்டு தொகுதிகள் ஒத்துவரவில்லை. வாடிக்கையாளர் தொகுதி பழையதில் 8,76,540, புதியதில் 9,06,540. சப்ளையர் தொகுதி பழையதில் 9,12,000, புதியதில் 8,76,000.

இப்போது பழைய கணக்கர்களின் வழி கைகொடுக்கும். வாடிக்கையாளர் தொகுதியில் வித்தியாசம் 30,000. ஓர் இருப்பை டெபிட்டுக்குப் பதில் கிரெடிட்டிலோ, கிரெடிட்டுக்குப் பதில் டெபிட்டிலோ போட்டால் வித்தியாசம் அதன் இரு மடங்காக வரும். ஆகவே 15,000 இருப்புள்ள ஒரு பார்ட்டியைத் தேட வேண்டும். இருந்தார். சரக்கு எடுக்கும் முன்பே 15,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்து வைத்த கட்டட ஒப்பந்தக்காரர். வாடிக்கையாளர்கள் எல்லாரும் டெபிட்டில் இருப்பார்கள் என்ற பழக்கத்தில் அவரையும் டெபிட்டில் போட்டிருந்தார்கள்.

சப்ளையர் தொகுதியில் குறைவது 36,000. இது ஒன்பதால் வகுபடுகிறது, ஈவு 4,000. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காக இருக்கும். ஈவு 4,000 என்பதால் பத்தாயிரம், ஆயிரம் இடங்களில் உள்ள இரண்டு இலக்கங்கள் மாறியிருக்கலாம், அவற்றுக்கிடையே நான்கு வித்தியாசம் இருக்கும். அந்தக் கண்ணோடு பட்டியலைப் பார்த்தால் 73,400 என்பது 37,400 ஆகத் தட்டப்பட்டிருப்பது சட்டென்று தெரிந்துவிடும். இந்த உத்தி திசைதான் காட்டும். ஒரு பார்ட்டியே விடுபட்டிருந்தாலும் தொகை தற்செயலாக ஒன்பதால் வகுபடலாம். அதனால் பட்டியலைப் பார்த்து உறுதி செய்யாமல் எதையும் மாற்றக்கூடாது.

இரண்டையும் திருத்தியபின் மீதமிருப்பது 4,85,000. தொகுதிகளை எத்தனை முறை ஒப்பிட்டாலும் இது கிடைக்காது, ஏனென்றால் தட்டிய எதுவும் தப்பாகத் தட்டப்படவில்லை. தட்ட வேண்டியது ஒன்று விடுபட்டிருக்கிறது.

மென்பொருள் மாற்றத்தில் அடிக்கடி வருவதும், அதிகம் குழப்புவதும் இதுதான். மார்ச் 31 தேதிக்கு அச்சிட்ட ட்ரையல் பேலன்ஸ், ஆண்டை முடிப்பதற்கு முந்தையது. அதிலுள்ள முதல் 16,88,000 என்பது போன ஏப்ரலில் நின்ற தொகை. அந்த ஆண்டின் லாபம் 7,25,000, உரிமையாளர் வீட்டுச் செலவுக்கு எடுத்தது 2,40,000. லாபத்தைக் கூட்டி, எடுத்ததைக் கழித்தால் 4,85,000 ரூபாய் முதலில் சேர வேண்டும். வரவு செலவுக் கணக்குகளை விட்டுவிட்டது சரி, ஆனால் அவற்றின் பலனாக வந்த லாபத்தையும் சேர்த்து விட்டுவிட்டார்கள். எடுப்புக் கணக்கும் அப்படியே. முதலின் தொடக்க இருப்பை 21,73,000 ஆக மாற்றியதும் இரு பக்கமும் 34,53,500 ஆகி, அந்த வரி மறைந்துவிடும். லிமிடெட் கம்பெனியாக இருந்தால் முதலை மாற்றக்கூடாது, லாபம் அங்கே உபரிக் கணக்கில்தான் சேரும்.

சரக்கையும் இதோடு சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பழைய அச்சில் சரக்கிருப்பு 11,90,000 என்று இருக்கும். அது போன ஆண்டுத் தொடக்கத்தின் சரக்கு. மார்ச் 31 அன்று எண்ணிப் பார்த்து மதிப்பிட்ட 14,20,000 அதில் எங்குமே இருக்காது, லாபத்தைக் கணக்கிடும்போதுதான் உள்ளே வரும். புதிய மென்பொருளில் ஏற்ற வேண்டியது இந்த 14,20,000. டேலியில் கணக்கையும் சரக்கையும் இணைத்து வைத்திருந்தால், சரக்கின் தொடக்க மதிப்பு லெட்ஜரிலிருந்து வராது, ஒவ்வொரு பொருளிலும் போட்ட அளவு, விலையிலிருந்து வரும். நூற்றுக்கணக்கான பொருள்களில் அளவை விலையால் பெருக்கும்போது பைசாக்கள் சேர்ந்து, ஆடிட்டர் ஒப்புக்கொண்ட மதிப்பிலிருந்து பத்திருபது ரூபாய் விலகலாம். அதற்கு ஒரு பொருளின் மதிப்பைச் சரிசெய்தால் போதும். விலகல் ஆயிரங்களில் இருந்தால் அது பைசாவின் வேலை அல்ல. ஏதோ ஒரு பொருளில் பெட்டி விலையை டப்பா எண்ணிக்கையால் பெருக்கியிருப்பார்கள்.

வித்தியாச வரி மறைந்துவிட்டதால் எல்லாம் சரி என்று நினைப்பதும் ஆபத்து. ஒரே பெயருள்ள இரண்டு பார்ட்டிகளின் இருப்பை மாற்றிப் போட்டிருந்தால் ட்ரையல் பேலன்ஸ் வாயே திறக்காது. வங்கியில் இன்னொரு சிக்கல் உண்டு. நம் புத்தகப்படி வங்கி இருப்பு 3,18,450. பாஸ்புக்கிலோ 3,51,950, ஏனென்றால் மார்ச் கடைசி வாரத்தில் கொடுத்த 33,500 ரூபாய் காசோலை இன்னும் பாஸாகவில்லை. தொடக்க இருப்பாகப் போட வேண்டியது புத்தக இருப்பைத்தான். பாஸ்புக் தொகையைப் போட்டால் 33,500 வித்தியாசம் வரும். அதை முதலில் தள்ளிச் சமன் செய்தால், ஏப்ரலில் காசோலை பாஸாகும்போது அது எந்தப் பதிவோடும் பொருந்தாமல் நிற்கும். பாஸாகாத பழைய காசோலைகளைத் தனியாகக் குறித்து, வங்கிச் சரிபார்ப்பில் சேர்க்க வேண்டும்.

பார்ட்டிகளின் இருப்பை ஒரே மொத்தமாக ஏற்றுவதும் ட்ரையல் பேலன்ஸில் தெரியாத குறைதான். 73,400 என்று ஒரே தொகையாகப் போட்டால் அது எந்தெந்தப் பில், என்ன தேதி என்று மென்பொருளுக்குத் தெரியாது. ஜிஎஸ்டியில், சப்ளையர் பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால் அந்தப் பில்லுக்கு எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும். ஜனவரியில் வாங்கிய பில்லுக்கு அந்தக் கெடு ஜூலையில் வருகிறது. தேதியில்லாத மொத்தத் தொகையை வைத்துக்கொண்டு யாரும் அதைக் கண்காணிக்க முடியாது. தொடக்க இருப்பைத் தட்டும்போதே பில் எண், தேதி, தொகை என்று பிரித்துப் போட டேலி கேட்கும். அலுப்பான வேலை, ஆனால் அந்த ஒரு நாளோடு முடிந்துவிடும்.

ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்து வித்தியாசம் திரும்ப வருவதும் உண்டு. மே மாதத்தில் யாரோ ஒருவர், விட்டுப்போன மார்ச் பில் ஒன்றைப் பழைய மென்பொருளில் பதிவார். பழையதன் இருப்பு மாறிவிடும், புதியதற்கு அது தெரியாது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, பழைய மென்பொருளில் மார்ச் 31 ட்ரையல் பேலன்ஸை மறுபடி அச்சிட்டு, மாற்றத்தின்போது எடுத்த அச்சோடு ஒப்பிடுவது. அந்த முதல் அச்சு கோப்பில் இல்லையென்றால் ஒப்பிட எதுவுமே இருக்காது. அதனால் ஏற்றுவதற்கு முன்பே அச்சும், பழைய தரவின் நகலும் எடுத்து வைத்துவிட்டு, பழையதில் யாரும் பதிய முடியாதபடி கடவுச்சொல்லை மாற்றிவிட வேண்டும்.

அதைவிட இயல்பாக வருவது ஆடிட்டரின் திருத்தம். ஏப்ரலில் நாம் ஏற்றிய இருப்புகள் தணிக்கை ஆகாதவை. ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ ஆடிட்டர் தேய்மானத்தை 12,000 ரூபாய் கூட்டச் சொல்லலாம். அப்போது சொத்துக் கணக்கின் தொடக்க இருப்பு 5,60,000இலிருந்து 5,48,000 ஆகவும், முதல் 21,73,000இலிருந்து 21,61,000 ஆகவும், இரண்டும் சேர்ந்தே மாற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் 12,000 என்ற வரி இருப்புநிலைக் குறிப்பில் மறுபடி வந்து நிற்கும். சிலர் இதை நடப்பாண்டில் ஒரு ஜர்னல் பதிவாகப் போட்டுவிடுகிறார்கள். வித்தியாசம் வராதுதான், ஆனால் போன ஆண்டின் செலவு இந்த ஆண்டு லாபத்தைக் குறைத்துவிடும், ஆடிட்டர் கையெழுத்திட்ட இறுதி இருப்பும் நம் தொடக்க இருப்பும் ஒத்துப்போகாது. தணிக்கை முடிந்த அன்றே, கையெழுத்தான இருப்புநிலைக் குறிப்பை வைத்துத் தொடக்க இருப்புகளை ஒவ்வொரு தலைப்பாக மறுபடி ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.