தெருவிளக்குக்கு எத்தனை மதிப்பெண்?

ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியலில் உள்ளாட்சி அமைப்புகள் பற்றிய பாடம் முடிந்ததும், பல பள்ளிகளில் குழுவாகப் பேசச் சொல்வார்கள். ஐந்து பேர் ஒரு குழு, ஊரில் கிடைக்கும் ஒரு பொதுச் சேவை, பத்து நிமிடப் பேச்சு. மதிப்பெண் போடும் நேரத்தில்தான் சிக்கல் வருகிறது. அதற்காக ஆசிரியர்கள் முன்கூட்டியே ஓர் அட்டவணை தயாரிக்கிறார்கள். இடப்பக்கம் எதையெல்லாம் பார்க்கப்போகிறோம் என்ற வரிசை, மேலே நான்கு நிலைகள், ஒவ்வொரு கட்டத்திலும் அந்த நிலையில் இருக்கும் மாணவர் என்ன செய்வார் என்ற விளக்கம். ஆசிரியர்கள் இதை ‘ரூப்ரிக்’ என்கிறார்கள்.

பெரும்பாலான ரூப்ரிக்குகளில் இருப்பவை நான்கு வரிசைகள்: உள்ளடக்கம், பேச்சு, சார்ட், குழு ஒத்துழைப்பு. தலைக்கு ஐந்து வீதம் மொத்தம் இருபது. எந்தப் பாடத்துக்கும் பொருந்துவதுதான் இதன் வசதி. கோளாறும் அதுவேதான்.

ஒரு கிராமத்துப் பள்ளியில் இரண்டு குழுக்கள் பேசுவதாக வைத்துக்கொள்வோம். முதல் குழுவின் தலைப்பு தெருவிளக்கு. வண்ண சார்ட், தடுமாறாத பேச்சு. 73ஆம் அரசியலமைப்புத் திருத்தம், 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், பதினோராம் அட்டவணையின் 29 துறைகள் என்று மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். கடைசியில், ‘தெருவில் கரண்ட் போனாலும் கம்பி அறுந்தாலும் ஊராட்சித் தலைவரிடம் சொல்ல வேண்டும்’ என்று முடிக்கிறார்கள்.

இரண்டாம் குழு குடிநீரை எடுத்துக்கொண்டது. சார்ட்டில் பென்சில் கோடுகள்தான், பேச்சிலும் தயக்கம். ஆனால் அவர்கள் மேல்நிலைத் தொட்டியை இயக்குபவரிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள். கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீரை ஊர் வரைக்கும் கொண்டுவருவது குடிநீர் வடிகால் வாரியம். அதைத் தொட்டியில் ஏற்றி, வால்வு திறந்து தெருத்தெருவாக விடுவது ஊராட்சி. கடைசித் தெருவுக்கு ஏன் வேகம் குறைகிறது, அதை யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் விசாரித்து வந்திருக்கிறார்கள்.

பழைய ரூப்ரிக்கில் முதல் குழுவுக்கு 18, இரண்டாம் குழுவுக்கு 13. தெருவிளக்கின் பல்பை மாற்றுவதும் அதற்கான மின் கட்டணத்தைக் கட்டுவதும் ஊராட்சியின் வேலை. மின்சாரத்தைக் கொடுப்பதும் அறுந்த கம்பியைச் சரிசெய்வதும் மின்வாரியத்தின் வேலை. இந்தப் பிரிவைத் தவறாகச் சொன்ன குழுவுக்கு ஐந்து மதிப்பெண் கூடுதல். அந்தத் தவறைப் பிடிக்க அட்டவணையில் வரிசையே இல்லை.

ஆகவே முதலில் தீர்மானிக்க வேண்டியது, இந்தப் பாடத்தில் மாணவர் எதைச் செய்து காட்ட வேண்டும் என்பது. உள்ளாட்சியைப் பொறுத்தவரை விடை தெளிவு: ஒரு சேவையை எடுத்து, அது எந்த அலுவலகத்தின் கையில் இருக்கிறது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அதற்கே அதிக மதிப்பெண். புதிய ரூப்ரிக்கில் ‘யார் பொறுப்பு’ என்ற வரிசைக்கு 8. ஆதாரத்துக்கு 4, கேட்பவர்களுக்குப் புரிந்ததா என்பதற்கு 4, தனித்தனியாகப் பதில் சொல்வதற்கு 4.

அடுத்தது கட்டங்களை நிரப்புவது. ‘மிக நன்று, நன்று, சுமார்’ என்று எழுதினால் அது ரூப்ரிக் ஆகாது. ஒரே பேச்சு ஓர் ஆசிரியருக்கு நன்றாகவும் இன்னொருவருக்குச் சுமாராகவும் படும். காதில் விழுவதை எழுத வேண்டும். ‘யார் பொறுப்பு’ வரிசை இப்படி அமையலாம். குழு சொல்ல வேண்டியவை மூன்று: சேவையை நேரடியாகத் தருவது எந்த அமைப்பு, அதில் வேறு அமைப்பு செய்யும் பங்கு எது, குறை வந்தால் எந்தக் குறையை யாரிடம் சொல்வது. மூன்றும் சரி என்றால் 8. இரண்டு சரி என்றால் 6. ஒன்று மட்டும் என்றால் 4. ‘எல்லாம் கவர்ன்மென்ட்தான் செய்கிறது’ என்பதோடு நின்றுவிட்டால் 2.

இதே முறையில் ஆதார வரிசையையும் எழுதலாம். ஊராட்சி அலுவலகத் தகவல் பலகையின் படம், வீட்டு வரி ரசீது, கிராம சபையில் படிக்கப்பட்ட தீர்மானம், தொட்டி இயக்குபவரோடு பேசிய குறிப்பு, எதுவானாலும் சரி. பாடநூலை மட்டும் ஆதாரமாகக் காட்டினால் பாதி மதிப்பெண்தான். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சில அலுவலகங்களில் பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது. ‘அதிகாரியைப் பேட்டி எடுக்க வேண்டும்’ என்று ரூப்ரிக்கில் எழுதிவிட்டால், பேட்டி கிடைக்காத குழு தன் தவறில்லாமல் மதிப்பெண் இழக்கும். ‘ஊரில் நேரில் பார்த்த அல்லது கேட்ட ஒன்று’ என்று எழுதுவதே நியாயம்.

இப்போது அதே இரண்டு குழுக்களை மறுபடி மதிப்பிட்டால், தெருவிளக்குக் குழுவுக்குப் பொறுப்பில் 4, ஆதாரத்தில் 2, புரிதலில் 4. குடிநீர்க் குழுவுக்கு 8, 4, 3. பதினாறுக்கு 10, 15 என்று வரிசை தலைகீழாகிறது.

மீதமுள்ள நான்கு ஆளுக்கு ஆள் மாறும். ‘குழு ஒத்துழைப்பு’ என்ற பழைய வரிசையை எடுத்துவிடுவதற்கும் காரணம் உண்டு. யார் அலைந்தார், யார் சும்மா இருந்தார் என்பது பத்து நிமிடப் பேச்சில் தெரியாது. அதனால் ஆசிரியர்கள் எல்லோருக்கும் நான்கு என்று போட்டுவிடுவார்கள். அதைவிட, பேச்சு முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் அவர் பேசாத பகுதியிலிருந்து ஒரு கேள்வி கேட்கலாம். சார்ட் வரைந்தவரிடம் வால்வைப் பற்றி, வால்வைப் பற்றிப் பேசியவரிடம் மனு கொடுப்பது பற்றி. ஐந்து பேருக்கு ஐந்து நிமிடம். ஒரு குழுவுக்குப் பதினைந்து நிமிடம் என்றால், நாற்பது பேர் உள்ள வகுப்பின் எட்டுக் குழுக்களையும் மூன்று பீரியடுகளில் முடிக்கலாம்.

உள்ளூர் விஷயம் என்பதால் இன்னொரு நெருடலும் உண்டு. வகுப்பில் வார்டு உறுப்பினரின் மகளும் இருக்கலாம், அவரை எதிர்த்து நின்றவரின் மகனும் இருக்கலாம். ஊராட்சியைக் குறை சொன்னாலும் பாராட்டினாலும் மதிப்பெண் மாறாது, சொன்னதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கப்படும் என்பதை ரூப்ரிக்கின் அடியில் ஒரு வரியாக எழுதி, வேலை தொடங்கும் நாளன்றே பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுவது நல்லது.

எழுதியது சரியா என்று பார்க்க, இரண்டு ஆசிரியர்கள் ஒரே பேச்சைக் கேட்டுத் தனித்தனியாக மதிப்பெண் போட்டால் போதும். ஒரே வரிசையில் ஒருவர் 8, மற்றவர் 4 என்றால் அந்தக் கட்டத்தின் வாசகத்தைத் திருத்த வேண்டும்.

ரூப்ரிக்கோடு ஆசிரியர் கையில் ஒரு விடைத்தாளும் இருந்தாக வேண்டும், ஏனென்றால் சரியான பதில் ஊருக்கு ஊர் மாறும். சென்னையில் தெருவில் சாக்கடை பொங்கினால் அது குடிநீர் வாரியத்தின் வேலை. மழைநீர் வடிகால் அடைத்துக்கொண்டால் மாநகராட்சியின் வேலை. மதுரையில் குடிநீர், சாக்கடை இரண்டையும் மாநகராட்சியே கவனிக்கிறது. தேர்தல் நடக்காத காலத்தில் ஊராட்சித் தலைவரே இருக்கமாட்டார். 2016க்கும் 2019க்கும் இடையில் தமிழ்நாட்டு ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்பில்தான் இருந்தன. பக்கத்து ஊராட்சி மாநகராட்சியோடு இணைக்கப்பட்டால், போன வருடம் எட்டு மதிப்பெண் வாங்கிய பதிலுக்கு இந்த வருடம் நான்குதான் கிடைக்கும். ரூப்ரிக்கை அப்படியே வைத்துக்கொள்ளலாம், விடைத்தாளை மட்டும் ஆண்டுதோறும் புதிதாக எழுத வேண்டியிருக்கும்.