உள்ளே ஒளிந்திருக்கும் 64 பைட்

2009 செப்டம்பரில் தாய் துவோங், ஹூலியானோ ரிஸ்ஸோ என்ற இரண்டு கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்கள், படம் பகிரும் தளமான ஃப்ளிக்கரில் ஓர் ஓட்டையைக் கண்டு வெளியிட்டார்கள். வெளிச் செயலிகள் அந்தத் தளத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையோடும் ஒரு கையொப்பம் போக வேண்டும். ரகசியச் சாவியை முன்னால் வைத்து, கோரிக்கையின் விவரங்களை அதன் பின்னால் ஒட்டி, மொத்தத்தையும் எம்டி5 என்ற ஹேஷ் சார்புக்குள் செலுத்தினால் வரும் விடைதான் அந்தக் கையொப்பம். சாவி தெரியாதவரால் கையொப்பம் போட முடியாது என்பது ஏற்பாடு. சாவியில் ஓர் எழுத்தைக்கூட அறியாமல், தளம் ஏற்றுக்கொள்ளும் கையொப்பத்தை அந்த இருவரும் உண்டாக்கிக் காட்டினார்கள்.

எம்டி5 பலவீனமானது என்பது 2004-லேயே தெரிந்துவிட்டது. ஆனால் இந்தத் தாக்குதலுக்கு அந்தப் பலவீனம் தேவைப்படவே இல்லை. இன்றுவரை உடையாத ஷா-256-ஐ அங்கே வைத்திருந்தாலும் இதே வழி திறந்திருக்கும். குறை அந்தத் தலைமுறை ஹேஷ்கள் கட்டப்பட்ட விதத்திலேயே இருந்தது. புதிய தலைமுறையின் ‘ஸ்பாஞ்ச்’ அமைப்பு எதை மாற்றியது என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஓட்டையை விட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

பழைய அமைப்பை ஒரு கணக்குப் பேரேட்டோடு ஒப்பிடலாம். ஒரு பக்கம் நிரம்பியதும் அடியில் தொகை போடுகிறோம். அடுத்த பக்கத்தின் தலைப்பில் ‘முன் பக்கத்திலிருந்து கொண்டுவந்தது’ என்று அதையே எழுதித் தொடர்கிறோம். ஷா-256-ம் செய்தியை 64 பைட் கொண்ட பக்கங்களாக வெட்டிக்கொள்கிறது. கையில் 32 பைட் அளவுக்கு ஒரு தொகை இருக்கும். முதல் பக்கத்துக்கு அது எல்லோருக்கும் தெரிந்த ஒரு மாறாத எண். ஒவ்வொரு பக்கத்தையும் கைத்தொகையோடு சேர்த்துக் குழப்பி, அந்த 96 பைட்டை மறுபடி 32 பைட்டாக ஆக்குவது சுருக்கச் சார்பு. கடைசிப் பக்கத்தின் அடித்தொகைதான் ஹேஷ். ரால்ஃப் மெர்க்கிள், இவான் டாம்கார்ட் இருவரும் 1989-ல் தனித்தனியே ஒன்றை நிரூபித்தார்கள்: செய்தியின் நீளத்தைக் கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டால், சுருக்கச் சார்பில் மோதல் காண முடியாதவரை முழு ஹேஷிலும் காண முடியாது. மோதல் என்பது இரண்டு வேறு உள்ளீடுகளுக்கு ஒரே விடை வருவது. எம்டி5, ஷா-1, ஷா-2 எல்லாம் இந்த அமைப்பின் வாரிசுகள்.

அந்த நிரூபணம் சரியானது. ஆனால் அது மோதலைப் பற்றி மட்டுமே பேசுகிறது. கடைசி அடித்தொகையை அப்படியே ஊருக்குக் காட்டினால் என்ன ஆகும் என்ற கேள்வி அதற்குள் வரவில்லை. தொகையைப் பார்த்தவர் யாராக இருந்தாலும், முந்தைய பக்கங்களைப் பார்க்காமலே அடுத்த பக்கத்தை எழுதித் தொடரலாம்.

ஓர் உதாரணத்தைக் கணக்கிட்டே பார்ப்போம். சாவி 16 பைட் என்று வைத்துக்கொள்வோம். செய்தி இது:

```
user=ravi&amount=500
```

இது 20 பைட். சாவியோடு சேர்த்தால் 36. ஷா-256 இதை 64-ஆக நிரப்ப `80` என்ற ஒரு பைட்டை வைத்து, 19 பூஜ்ய பைட்டுகளைப் போட்டு, கடைசி 8 பைட்டில் நீளத்தை எழுதுகிறது. 36 பைட் என்றால் 288 பிட். பதினாறின் அடிமானத்தில் `0120`. ஆக நிரப்புக்கு 28 பைட், ஒரே ஒரு பக்கம், ஒரே சுருக்கம். வெளியே வரும் 32 பைட்தான் கையொப்பம்.

இடையில் நின்று கேட்பவனுக்குச் செய்தியும் கையொப்பமும் தெரியும், சாவி தெரியாது. அவன் தன் கணினியில் ஷா-256-ஐத் தொடங்கும்போது, வழக்கமான தொடக்க எண்ணுக்குப் பதிலாக அந்தக் கையொப்பத்தையே ‘கொண்டுவந்தது’ என்று வைக்கிறான். அடுத்த பக்கமாக `&amount=50000` என்ற 13 பைட்டை எழுதி, மொத்த நீளத்தை 64 + 13 = 77 பைட் என்று குறித்து ஒரு முறை சுருக்குகிறான். கிடைப்பது கீழே உள்ள செய்திக்கான முறையான கையொப்பம்:

```
user=ravi&amount=500 [80, 25 பூஜ்ய பைட், 01 20] &amount=50000
```

சேவையகம் தன் சாவியை முன்னால் ஒட்டிக் கணக்கிட்டாலும் இதே விடைதான் வரும். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் கடைசியை எடுத்துக்கொள்ளும் நிரல்கள் நிறைய உண்டு. அங்கே 500 ரூபாய் 50,000 ஆகிவிடும். சாவியின் நீளம் தெரியாவிட்டால் 1, 2, 3 என்று ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்த்தால் போதும். சில பத்து முயற்சிகளில் ஒன்று பொருந்தும். ஒரு சேவையகத்தின் பதிவேட்டில், ஒரே கோரிக்கை நடுவில் `%80%00%00` என்ற வாலோடு, பூஜ்யங்களின் எண்ணிக்கை மட்டும் மாறி மாறி வந்துகொண்டிருந்தால் யாரோ இதை முயல்கிறார் என்று பொருள்.

இதற்கு மருந்து முன்பே இருந்தது. எச்மேக் என்ற முறை சாவியைச் சேர்த்து இரண்டு முறை ஹேஷ் செய்கிறது. முதல் அடித்தொகை வெளியே தெரிவதில்லை. ஷா-512-ஐக் கணக்கிட்டுப் பாதியை மட்டும் வெளியிடும் வகையும் வந்தது. இரண்டும் ஏதோ ஒரு தொகையை மறைத்துத்தான் காப்பாற்றுகின்றன. ஸ்பாஞ்ச் அமைப்பில் இந்த மறைப்பு பின்னால் போட்ட ஒட்டாக இல்லை, அடித்தளமே அதுதான்.

எம்டி5-ம் ஷா-1-ம் ஆட்டம் கண்டபின், அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2007-ல் புதிய ஹேஷுக்குப் பொதுப்போட்டி அறிவித்தது. 64 வடிவமைப்புகள் வந்தன. 2012 அக்டோபரில் வென்றது கெச்சாக். குவிதோ பெர்தோனி, யோவான் டாமென், மிக்காயேல் பீட்டர்ஸ், ஜில் வான் அஸ்ஷே ஆகிய நால்வரின் ஆக்கம் அது. பாலித் தீவின் நடனம் ஒன்றின் பெயரை அதற்கு இட்டிருந்தார்கள். 2015 ஆகஸ்டில் அது ஷா-3 என்ற தரநிலையானது.

இதில் பக்கமும் தொகையும் கிடையாது. 200 பைட் கொண்ட ஒரே ஒரு பெரிய நிலை, தொடக்கத்தில் முழுக்கப் பூஜ்யம். ஷா3-256-ல் அது இரண்டாகப் பிரிகிறது: 136 பைட் வெளிப்பகுதி, 64 பைட் உள்பகுதி. செய்தியிலிருந்து 136 பைட்டை எடுத்து வெளிப்பகுதியோடு பிட்டுக்குப் பிட் கலக்க வேண்டும். ஒத்த பிட்டுகள் 0 ஆகும், மாறுபட்டவை 1 ஆகும். பிறகு 200 பைட்டையும் 24 சுற்று கலக்கிப் புரட்ட வேண்டும். அடுத்த 136 பைட், மறுபடி கலக்கல். இது உறிஞ்சும் கட்டம். செய்தி தீர்ந்ததும் வெளிப்பகுதியிலிருந்து 32 பைட்டை வாசித்தால் ஹேஷ். இது பிழியும் கட்டம். உள்பகுதியை எந்தச் செய்தியும் நேரடியாகத் தொடுவதில்லை, எந்த விடையும் அதிலிருந்து நேரடியாக வருவதில்லை. ஆனால் ஒவ்வொரு கலக்கலிலும் அது வெளிப்பகுதியோடு முழுமையாகப் பிணைந்து மாறிக்கொண்டே இருக்கிறது.

அதே 36 பைட்டை இங்கே கொடுத்துப் பார்ப்போம். `06` என்று ஒரு பைட், 98 பூஜ்ய பைட், கடைசியில் `80`, மொத்தம் 136. நீளத்தை எங்கும் எழுதத் தேவையில்லை. ஒரு கலக்கல் முடிந்து 32 பைட் வெளியே வருகிறது. இடையில் நிற்பவன் தொடர்ந்து எழுத விரும்பினால் அவனுக்கு 200 பைட்டும் வேண்டும். கையில் இருப்பது 32. வெளிப்பகுதி முழுவதையும் எப்படியோ பெற்றாலும் உள்ளே 64 பைட், அதாவது 512 பிட், மிச்சமிருக்கிறது. அதை ஊகிப்பதை விடச் சாவியையே ஊகிப்பது அவனுக்குச் சுலபம்.

என்னை மிகவும் யோசிக்க வைத்த வேறுபாடு இன்னொன்று. ஷா-256-ன் சுருக்கம் ஒருவழிப் பாதை. குழப்பி முடித்ததும் பழைய கைத்தொகையை விடையோடு கூட்டிவிடுவதால், திரும்பிப் போக வழி இல்லை. அதனால்தான் கையொப்பத்தை நீட்ட முடிந்தவனால் சாவியைப் படிக்க முடியவில்லை. கெச்சாக்கின் கலக்கலோ 200 பைட்டை 200 பைட்டாகவே வைத்திருக்கிறது. எதுவும் சுருங்குவதில்லை, எதுவும் தொலைவதில்லை. 24 சுற்றுகளையும் யார் வேண்டுமானாலும் பின்னோக்கி ஓட்டலாம். நம் உதாரணத்தில் கலக்கலுக்குப் பிந்தைய முழு நிலையும் நினைவகத்திலிருந்து கசிந்துவிட்டால், ஒரு முறை பின்னோக்கி ஓட்டியதும் சாவி எழுத்துக்கு எழுத்து அப்படியே தெரியும். பழைய அமைப்பு தொகையைக் காட்டிவிட்டுத் திரும்பும் பாதையை அடைத்தது. புதியது பாதையைத் திறந்து வைத்து நிலையின் ஒரு பகுதியை மறைக்கிறது. ஷா-3-ஐ நிரலாக்குபவர்கள் வேலை முடிந்ததும் அந்த 200 பைட்டை அழித்துவிட வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் உள்பகுதி எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவு பாதுகாப்பு. வெளிப்பகுதி எவ்வளவு பெரிதோ அவ்வளவு வேகம். இரண்டும் ஒரே 200-லிருந்துதான் வர வேண்டும். உள்பகுதியின் பிட் எண்ணிக்கையில் பாதிதான் உறுதியான பாதுகாப்பு. 512 பிட் மறைத்தால் 2-ன் 256-ஆம் அடுக்கு அளவு உழைப்பு வரை தாங்கும். 2013-ல் நிஸ்ட் இதை 256 பிட்டாகக் குறைக்கும் யோசனையை முன்வைத்தது. ஒவ்வொரு கலக்கலிலும் 136-க்குப் பதில் 168 பைட் உறிஞ்சலாம். 128 பிட் பாதுகாப்பே ஏராளம் என்பது வாதம், அதில் நியாயமும் இருந்தது. ஆனால் அமெரிக்க உளவு அமைப்பு குறியாக்கத் தரநிலைகளில் தலையிட்டதாக ஸ்னோடன் ஆவணங்கள் சொன்ன ஆண்டு அது. எதிர்ப்பு எழுந்தது, யோசனை கைவிடப்பட்டது. அந்த எச்சரிக்கைக்கு விலையும் உண்டு: ஷா3-512 ஒரு கலக்கலுக்கு வெறும் 72 பைட்தான் உறிஞ்சுகிறது. ஷா-256-க்கெனத் தனிக் கட்டளைகள் உள்ள செயலிச் சில்லுகளில் ஷா-3 பின்தங்குகிறது. ஷா-2 உடையாதவரை பலர் மாறாமல் இருப்பதற்கு இது போதுமான காரணம்.

பழைய அமைப்பு தராத ஒன்றையும் ஸ்பாஞ்ச் தருகிறது. 32 பைட்டோடு நிறுத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளிப்பகுதியை வாசித்து, கலக்கி, மறுபடி வாசித்து என்று வேண்டிய மட்டும் பிழிந்துகொண்டே போகலாம். இப்படிப் பிழியும் வகைக்கு ஷேக் என்று பெயர். குவாண்டம் கணினியையும் தாங்குவதற்காக 2024 ஆகஸ்டில் வந்த எம்எல்-கெம் தரநிலை, தனக்கு வேண்டிய பெரிய எண் அட்டவணையை 32 பைட் விதையிலிருந்து ஷேக்128 மூலம் இப்படித்தான் பிழிந்தெடுக்கிறது.

கையொப்பத்துக்கும் இரண்டு முறை ஹேஷ் செய்யும் சுற்றுவழி இனித் தேவையில்லை. 2016 டிசம்பரில் நிஸ்ட் வெளியிட்ட கேமேக் என்ற முறை சாவியை, அதன் நீளத்தையும் குறித்து, செய்திக்கு முன்னால் வைக்கிறது. செய்தியை அதன் பின்னால் ஒட்டுகிறது. மொத்தத்தையும் ஒரே ஒரு முறை ஸ்பாஞ்சுக்குள் செலுத்துகிறது. முன்னால் சாவி, பின்னால் செய்தி: 2009-ல் உடைந்த அதே வரிசை.