தொலைந்த பஸ் பாஸுக்கு யாரிடம் மனு கொடுப்பது?

மாணவர் பஸ் பாஸ் தொலைந்ததும் எழுதப்படும் மனுக்களில் பல, 'வட்டாரப் போக்குவரத்து அலுவலர்' என்று தொடங்குகின்றன. பெயரில் போக்குவரத்து இருப்பதால் வரும் குழப்பம் இது. ஆர்.டி.ஓ. அலுவலகம் ஓட்டுநர் உரிமமும் வாகனப் பதிவும் பார்க்கும் இடம். பாஸ் கொடுப்பது அரசுப் போக்குவரத்துக் கழகம். சென்னைக்கு மாநகர் போக்குவரத்துக் கழகம். மற்ற ஊர்களுக்கு விழுப்புரம், சேலம், கோவை, கும்பகோணம், மதுரை, திருநெல்வேலி கழகங்கள். உங்கள் ஊர் பஸ் எந்த டிப்போவிலிருந்து வருகிறதோ, அதன் கிளை மேலாளருக்கு எழுதினால் போதும். பாஸ் வழங்கும் பிரிவு வேறு இடத்தில் இருந்தால் அவர் அங்கே அனுப்பச் சொல்வார்.

மனு பள்ளி வழியாகவே போக வேண்டும். பாஸுக்கான பட்டியலைப் பள்ளிதான் அனுப்பியது. இந்த மாணவன் இங்கேதான் படிக்கிறான் என்று சொல்லக்கூடியவரும் தலைமை ஆசிரியர்தான். அவர் கையெழுத்தும் முத்திரையும் இல்லாத மனுவை டிப்போவில் திருப்பிக் கொடுத்தால் குறைசொல்ல முடியாது.

வடுவூரிலிருந்து மன்னார்குடிக்குப் படிக்கப் போகும் ஒரு மாணவன் பாஸைத் தொலைத்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். மனு இப்படி இருக்கலாம்:

அனுப்புநர்: (பெயர்), பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு, (பள்ளி), மன்னார்குடி.
வழி: தலைமை ஆசிரியர்.
பெறுநர்: கிளை மேலாளர், தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் (கும்பகோணம்), மன்னார்குடி கிளை.
பொருள்: தொலைந்த மாணவர் பஸ் பாஸுக்கு மாற்று அட்டை கோருதல்.

ஐயா, வடுவூரிலிருந்து மன்னார்குடியில் உள்ள பள்ளிக்கு வந்து செல்ல எனக்கு இந்தக் கல்வியாண்டுக்கு இலவச பஸ் பாஸ் (எண்: ......) வழங்கப்பட்டது. செப்டம்பர் 9 அன்று மாலை, பள்ளியிலிருந்து பேருந்து நிலையம் செல்லும் வழியில் அது தொலைந்துவிட்டது. தேடியும் கிடைக்கவில்லை. பாஸை யாருக்கும் கொடுக்கவில்லை. மாற்று அட்டை வழங்கக் கேட்டுக்கொள்கிறேன். பழைய அட்டை கிடைத்தால் உடனே ஒப்படைக்கிறேன். இணைப்பு: பள்ளிச் சான்று, அடையாள அட்டை நகல், புகைப்படம்.

இவ்வளவு போதும். 'நான் ஏழை மாணவன், என் எதிர்காலம் இதில்தான்' என்றெல்லாம் உருக வேண்டியதில்லை. இலவச பாஸ் அரசுத் திட்டப்படி வருவது. பாஸ் எண்ணையும் தொலைந்த நாளையும் மட்டும் விடாதீர்கள். எண் நினைவில்லையென்றால் பள்ளியில் பாஸ் வழங்கிய பதிவேட்டைப் பார்த்துச் சொல்லக் கேளுங்கள். நாளைக் குறிப்பிடுவது உங்கள் பாதுகாப்புக்கு. அந்த பாஸை வேறொருவர் காட்டிப் பிடிபட்டால், அதற்கு முன்பே தகவல் கொடுத்துவிட்டீர்கள் என்பதற்கு இந்த மனுதான் சாட்சி. அதனால் இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கி வையுங்கள். காவல் துறையின் சான்று கேட்டால், தமிழ்நாடு காவல் துறை இணையதளத்தில் தொலைந்த ஆவணங்களுக்கான பதிவு வசதி இருக்கிறது. மாற்று அட்டைக்குக் கட்டணம் கேட்டால் ரசீதோடு கட்டுங்கள்.

சிக்கல் வருவது இடைப்பட்ட நாட்களில். முத்திரை போட்ட மனு நகல் பாஸ் ஆகாது. கண்டக்டர் அதை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. கல்வியாண்டு தொடங்கும்போது, புது பாஸ் வரும்வரை சீருடையில் வரும் மாணவர்களை ஏற்றிக்கொள்ளும்படி அறிவிப்பு வருவதுண்டு. நடு ஆண்டில் பாஸைத் தொலைத்தவர் அதை நம்பி ஏறக்கூடாது. டிக்கெட் இல்லாமல் செக்கிங்கில் சிக்கினால் 500 ரூபாய் வரை அபராதம். மாணவிகளுக்கு ஒரு வழி உண்டு: 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதிலும் கண்டக்டர் தரும் கட்டணமில்லா டிக்கெட்டைக் கேட்டு வாங்க வேண்டும். புறநகர்ப் பேருந்துகளுக்கு இது பொருந்தாது. மாணவர்கள் காசு கொடுத்து டிக்கெட் எடுக்க வேண்டியதுதான். நண்பனின் பாஸை வாங்கிக்கொண்டு ஏறுவது மட்டும் வேண்டாம். படம் வேறாக இருக்கும், அவனுடைய பாஸும் பறிபோகும்.

மனு நகராமல் கிடந்தால், முத்திரை வாங்கிய நகலோடு முதலில் கிளை மேலாளரை நேரில் பாருங்கள். அப்போதும் பதில் இல்லையென்றால் முதல்வரின் உதவி மையம் 1100-ல் புகார் செய்யலாம். பெற்றோர் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில், 'இந்தத் தேதியில் கொடுத்த மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன' என்று கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

புது பாஸ் வந்த பிறகு பழையது புத்தகப் பைக்குள்ளிருந்து வெளிப்படுவதும் நடக்கும். தம்பிக்கு ஆகட்டும் என்று வைத்துக்கொள்ளாமல் டிப்போவில் கொடுத்துவிடுங்கள். ஒப்படைப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.