பழைய கிளையன்ட்டிடம் கட்டணத்தை உயர்த்திக் கேட்பது எப்படி?

ஒரு ஜவுளிக்கடைக்கு இன்ஸ்டாகிராம் போஸ்டர்கள் டிசைன் செய்து தருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடங்களுக்கு முன்பு பேசியது மாதம் 12 போஸ்டர், 15,000 ரூபாய். 'அப்படியே இதையும் போட்டுக் குடுத்துடுங்க' என்று சேர்ந்து சேர்ந்து இப்போது 20 ஆகிவிட்டது. பணம் மட்டும் அதே 15,000.

முதலில் கணக்கு

அன்று ஒரு போஸ்டருக்கு 1,250 ரூபாய் கிடைத்தது. இன்று கிடைப்பது 750. யாரும் குறைக்காமலேயே உங்கள் ரேட் 40 சதவீதம் இறங்கிவிட்டது. கடைக்காரர் இதைக் கவனித்திருக்கவே மாட்டார். அதனால் பேச்சை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். வீட்டு வாடகை, விலைவாசி என்று ஆரம்பித்தால், 'எனக்கும்தான் கஷ்டம்' என்று அவர் சொல்லிவிடுவார்.

இரண்டு வழி கொடுங்கள்

'இனி 24,000' என்று மட்டும் சொன்னால் அது மிரட்டல் மாதிரி கேட்கும். முதலில் போனில் பேசுங்கள். பிறகு இப்படி ஒரு மெசேஜ் அனுப்புங்கள்:

"சார், 12 போஸ்டர்ல ஆரம்பிச்சது இப்போ 20 ஆயிடுச்சு. ஏப்ரல்ல இருந்து ரெண்டுல ஒண்ணு வெச்சுக்கலாம். 20 போஸ்டருக்கு 24,000. இல்லன்னா, பழையபடி 12 போஸ்டருக்கு அதே 15,000. அதுக்கு மேல வந்தா ஒவ்வொண்ணுக்கும் 1,250. கையில இருக்கற வேலை எல்லாம் பழைய ரேட்லயே முடிச்சுத் தர்றேன்."

இப்போது அவர் முன்னால் இருப்பது 'உங்களை வைத்துக்கொள்வதா, வேண்டாமா' என்ற கேள்வி இல்லை. எத்தனை போஸ்டர் தேவை என்ற கேள்விதான். உறவு தப்பிப்பது இதனால்தான்.

எப்போது சொல்வது?

புது ரேட் தொடங்க ஒன்றரை மாதமாவது இருக்கும்போது சொல்லுங்கள். ஆடித் தள்ளுபடி, தீபாவளி நேரத்தில் வேண்டாம். அவசரத்தில் ஒப்புக்கொள்வார், ஆனால் சீசன் முடிந்ததும் வேறு டிசைனரைத் தேடுவார்.

பேரம் பேசினால்?

'20,000 வெச்சுக்கலாமே' என்றால் சரி சொல்லலாம், 16 போஸ்டருக்கு. வேலையைக் குறைக்காமல் பணத்தை மட்டும் குறைத்தால், நீங்கள் முதலில் சொன்ன 24,000 சும்மா சொன்ன ரேட் என்று ஆகிவிடும்.

'பாக்கலாம்' என்றால், 'எப்போ கூப்பிடட்டும் சார்?' என்று ஒரு தேதி வாங்கிவிடுங்கள். பதில் வராமலே ஏப்ரல் வந்துவிட்டால், 12 போஸ்டரோடு நிறுத்தி, 13-வதைத் தொடங்கும் முன் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் வருமானத்தில் பாதி இந்த ஒரு கடையிலிருந்து வருகிறது என்றால், முதலில் இன்னொரு கிளையன்ட்டைப் பிடியுங்கள். அவர் மறுத்தால் தாங்க முடியாத நிலையில் இருந்து கேட்டால், முதல் 'முடியாது'க்கே இறங்கிவிடுவீர்கள்.

ஒப்புக்கொண்டதும், போஸ்டர் எண்ணிக்கையையும் அடுத்த ரேட் பேச்சு எந்த மாதம் என்பதையும் மெயிலில் எழுதிவிடுங்கள். அடுத்த வருடம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.