சரக்கு நனையவில்லை, ஆனாலும் பணம் கட்ட வேண்டும்

2018 மார்ச் 6ஆம் தேதி, சிங்கப்பூரிலிருந்து சூயஸ் நோக்கிப் போய்க்கொண்டிருந்த 'மேர்ஸ்க் ஹோனம்' என்ற சரக்குக் கப்பல் அரபிக் கடலில் தீப்பிடித்தது. கப்பல் ஊழியர்கள் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். அதில் இருந்தவை 7,860 கன்டெய்னர்கள். முன்பகுதியில் இருந்தவை எரிந்தன; பின்பகுதியில் இருந்தவற்றில் பல தப்பித்தன. அப்படித் தப்பிய சரக்கின் சொந்தக்காரர்களுக்கும் ஒரு கடிதம் போனது: கப்பலை மீட்டவர்களின் கூலிக்காகச் சரக்கு மதிப்பில் 42.5 சதவீதம், 'ஜெனரல் ஆவரேஜ்' கணக்கில் 11.5 சதவீதம், ஆக மொத்தம் 54 சதவீதத்துக்குப் பிணை கொடுத்தால்தான் சரக்கு கைக்கு வரும். 40 லட்ச ரூபாய்க்குத் துணி அனுப்பிய ஒருவர் இந்தக் கணக்கில் 21.6 லட்ச ரூபாய்க்குப் பதில் சொல்ல வேண்டும், அவருடைய துணியில் ஒரு கறைகூடப் படாவிட்டாலும்.

இது அநியாயமாகத் தெரியலாம். ஆனால் கடல் வணிகத்தின் மிகப் பழைய நியாயம் இது. ஆபத்தில் சிக்கிய கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற ஒருவரின் பொருளை வேண்டுமென்றே பலி கொடுத்தாலோ, வழக்கத்துக்கு மாறான செலவு செய்தாலோ, பிழைத்தவர்கள் எல்லோரும் தங்கள் பொருளின் மதிப்புக்கு ஏற்ப அதைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். கப்பல் முதலாளிக்கும் பங்கு உண்டு. எதெல்லாம் இந்தக் கணக்கில் சேரும் என்பதை யார்க்-ஆன்ட்வெர்ப் விதிகள் சொல்கின்றன. தீயில் எரிந்த பெட்டி சேராது. அது அதன் சொந்தக்காரரின் தனி நஷ்டம். தீயை அணைக்கப் பீய்ச்சிய தண்ணீரால் பாழான பெட்டி சேரும்.

கடிதம் வந்ததும் இறக்குமதியாளர் 'ஆவரேஜ் பாண்ட்' என்ற உறுதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டு, இன்வாய்ஸ் நகலோடு கணக்காயருக்கு அனுப்ப வேண்டும். இன்சூரன்ஸ் இருந்தால் பணம் கட்ட வேண்டியதில்லை. நிறுவனமே உத்தரவாதக் கடிதம் கொடுத்துவிடும். இன்சூரன்ஸ் இல்லாதவர் ரொக்கமாகக் கட்ட வேண்டும், இல்லையென்றால் சரக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கப்பல் நிறுவனத்துக்கு உரிமை உண்டு. இறுதிக் கணக்கு முடியச் சில ஆண்டுகள்கூட ஆகும். மீதி திரும்பி வரும்தான், ஆனால் அதுவரை ஒரு சிறு வியாபாரியின் முதல் முடங்கிப்போகும்.

கப்பல் சரக்குக் காப்பீட்டில் 'சி', 'பி', 'ஏ' என்று மூன்று படிகள் உண்டு. மிக மலிவான 'சி' பாலிசியிலேயே ஜெனரல் ஆவரேஜும் மீட்புக் கூலியும் அடங்கும். தீ, கப்பல் மூழ்குதல், தரைதட்டுதல், மோதல் போன்ற பெரிய விபத்துகளுக்கும் அது ஈடு தரும். பலர் அதோடு நிறுத்திவிடுவது அதனால்தான். ஆனால் கப்பலுக்கு எந்த விபத்தும் நேராமல், கன்டெய்னருக்குள் கடல்நீர் மட்டும் புகுந்து துணி கெட்டால் 'சி' தராது, 'பி' தரும். மழைநீர் ஒழுகினாலோ திருட்டுப் போனாலோ 'பி'யும் தராது, 'ஏ' வேண்டும். கப்பல் தாமதத்தால் வந்த நஷ்டம், மோசமான பேக்கிங், போர் ஆகியவை 'ஏ'யிலும் விலக்குதான். போருக்கு மட்டும் தனியாகப் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். சிஐஎஃப் முறையில் வாங்குகிறவர் இதைக் கவனிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு எதுவும் எழுதாவிட்டால், விற்பவர் 'சி' எடுத்துக் கொடுத்தாலே அவருடைய கடமை முடிந்துவிடும்.

ஆகவே நனைந்த சரக்கில் முதல் கேள்வி, அது எந்தத் தண்ணீர் என்பது. சர்வேயர் ஈரமான இடத்தில் சில்வர் நைட்ரேட் கரைசலைச் சொட்டு விடுவார். பால்போல வெளுத்தால் உப்பு இருக்கிறது, கடல்நீர் என்று கொள்ளலாம். மாறாமல் இருந்தால் மழைநீராகவோ கன்டெய்னருக்குள் வியர்த்து வழிந்த நீராகவோ இருக்கலாம். சர்வேயர் வருவதற்குள் துணியை அலசிக் காயப்போட்டவர் தன் சாட்சியத்தைத் தானே அழித்தவர் ஆகிறார். நனையாத பொருளைப் பிரித்து வைப்பது கடமை. நனைந்ததை அப்படியே வைத்திருக்க வேண்டும்.

கன்டெய்னரைத் திறக்கும் முன் சீல் எண்ணைப் பில் ஆஃப் லேடிங்கோடு ஒப்பிட்டுப் படம் எடுங்கள். சேதம் தெரிந்தால் 'நல்ல நிலையில் பெற்றேன்' என்று கையெழுத்துப் போடாதீர்கள். அதே நாளில் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லிச் சர்வேயரை அழையுங்கள். கப்பல் நிறுவனத்துக்கும் எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். வெளியே தெரியாத சேதத்துக்கு மூன்று நாள்தான் அவகாசம். நோட்டீஸ் இல்லையென்றால் சரக்கு நல்லபடியாக ஒப்படைக்கப்பட்டதாகவே முதலில் கொள்ளப்படும். கப்பல் நிறுவனத்தின்மேல் வழக்குப் போட ஓராண்டு கெடு. அது கைவிட்டுப் போனால், நஷ்டத்தைக் கப்பல்காரரிடம் வசூலிக்கும் தன் உரிமையை நீங்கள் கெடுத்துவிட்டீர்கள் என்று இன்சூரன்ஸ் நிறுவனம் ஈட்டுத்தொகையில் கைவைக்கலாம்.

இன்னொன்று. பிரீமியம் மிச்சப்படுத்த 40 லட்சச் சரக்கை 30 லட்சத்துக்குக் காப்பீடு செய்தால், ஜெனரல் ஆவரேஜ் பங்கிலும் முக்கால்வாசியைத்தான் நிறுவனம் ஏற்கும். சரக்கு விலை, காப்பீடு, கப்பல் கூலி மூன்றையும் கூட்டி, அதற்கு மேல் பத்து சதவீதம் சேர்ப்பது வழக்கம். அடுத்த சரக்கு கப்பல் ஏறும் முன், உங்கள் பாலிசியில் அந்தத் தொகையையும் 'ஏ', 'பி', 'சி' என்ற எழுத்தையும் பார்த்துவிடுங்கள்.